கடைசி வினையை முதலில் எழுது: ஒரு விரிவுரை செய்திப் படிவமாக மாறிய விதம்

குன்னூரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் செய்தி எழுதும் வகுப்புக்கு அப்போது 11 பேர் வந்துகொண்டிருந்தார்கள். கேத்தி, கோத்தகிரி, கூடலூர் என்று ஆளுக்கொரு மூலை. சிலர் ஏற்கெனவே நாளிதழ்களுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்புகிறவர்கள். மற்றவர்கள் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். நான் கோவையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் 9 வருடம் சப்-எடிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். மற்றவர் எழுதிய காப்பியைத் திருத்தத் தெரியும். எழுதச் சொல்லித்தரத் தெரியாது. அதனால் ஓய்வுபெற்ற மூத்த செய்தியாளர் ஒருவரைப் பேச அழைத்தோம்.

சார் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். எல்லோரும் சிரித்தார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு செய்தி எழுதிவரச் சொன்னால், அந்தப் பேச்சின் சுவடே இல்லை. முக்கியமானதை மேலே வைக்கும் தலைகீழ் பிரமிடு என்று நோட்டில் அழகாக முக்கோணம் போட்டு வைத்திருந்த மாணவியே முக்கியமான விஷயத்தை ஐந்தாவது பத்தியில் வைத்திருந்தாள். கேட்டால், "எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க அக்கா, எழுத உட்கார்ந்தா எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்றாள்.

சரி, எழுத உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு தாள் தயாரிப்போம் என்று தோன்றியது. தலைப்புக்கு, செய்தியின் தொடக்கமான லீடுக்கு, மீதிப் பத்திகளின் வரிசைக்கு என்று கேள்விகள் கேட்கும் தாள். அதை இரண்டு முறை செய்தேன். முதல் தாள் காப்பியை இன்னும் மோசமாக்கியது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பேச்சிலிருந்து எதை எடுப்பது

பேச்சைப் போனில் பதிவு செய்திருந்தேன். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து, கேட்டவரை எழுதியெடுத்தேன். 14 பக்கம் வந்தது. பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு குறி போட்டேன். கதை என்றால் 'க', கொள்கை என்றால் 'கொ', எழுதுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடியது என்றால் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தால் கேள்விக்குறிகள் இரண்டு பக்கம்கூடத் தேறவில்லை.

தந்தி கதை 'க' வாங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் தந்தி இணைப்பு எப்போது அறும் என்று தெரியாததால் நிருபர்கள் முக்கியமானதை முதல் வரியில் அனுப்பினார்கள், அப்படித்தான் தலைகீழ் பிரமிடு பிறந்தது என்று சார் சொன்னார். இதழியல் வகுப்புகளில் எல்லோரும் சொல்லும் கதைதான். அமெரிக்கச் செய்தித்தாள்களில் இந்த வடிவம் வழக்கமாக வேரூன்றியது அந்த உள்நாட்டுப் போருக்குப் பல ஆண்டுகள் கழித்து என்று வரலாற்றாய்வாளர்கள் மறுக்கவும் செய்கிறார்கள். எப்படியிருந்தாலும் காப்பி எழுதுகிறவளுக்கு அதில் செய்ய எதுவும் இல்லை. விட்டுவிட்டேன்.

'முக்கியமானதை முதலில் சொல்' என்பது கொள்கை. இதையும் அப்படியே தாளில் ஏற்ற முடியாது. எது முக்கியம் என்பதுதானே மாணவர்களுக்குத் தெரியாதது. பேச்சில் வேறோர் இடத்தில் சார் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தார்: "பஸ் கிளம்புது, ஃப்ரெண்டு ஜன்னல்ல உட்கார்ந்திருக்கான், ஒரே ஒரு வாக்கியம்தான் கத்திச் சொல்ல முடியும்னா என்ன சொல்லுவே?" இதை அப்படியே கேள்வியாக எடுக்கலாம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று கத்திப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

சில கதைகளுக்குள் கேள்வி ஒளிந்திருந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி மாவட்டம் முழுக்க மண் சரிந்தபோது, உயிரிழந்தவர்களின் எண்ணிக்கையை எப்படி எழுதினேன் என்று சார் விவரித்தார். யார் சொன்ன எண்ணிக்கை, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதைச் சேர்க்காமல் ஒரு எண்ணைக்கூட டெஸ்க்குக்கு அனுப்பவில்லையாம். அந்தக் கதையிலிருந்து தாளுக்கு வந்தது ஒரே வரி: இந்த எண்ணைச் சொன்னவர் யார், எப்போது?

பிரித்தெடுத்தபோது நான் வைத்துக்கொண்ட விதி இதுதான். இரவு 7 மணிக்கு, டெஸ்க்கிலிருந்து போன் வந்துகொண்டிருக்கும்போது பதில் சொல்ல முடியாத எந்தக் கேள்வியும் தாளில் இருக்கக் கூடாது.

முதல் தாள்

விதி சரிதான். தாளில்தான் கோட்டைவிட்டேன். சார் ஆறு கேள்விகளை விளக்கியிருந்தார்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. லீடில் இவற்றுக்குப் பதில் இருக்க வேண்டும், 30 முதல் 35 சொற்களுக்குள் ஒரே வாக்கியமாக இருப்பது நல்லது என்றார். அவர் ஆங்கில நாளிதழ்களில் பழகியவர். நான் யோசிக்காமல் ஆறு கட்டம் போட்டேன். கீழே 'இவற்றை ஒரே வாக்கியமாக்கு, 35 சொல்' என்று எழுதினேன். அதற்கும் கீழே தலைப்பு, பத்தி 2, பத்தி 3 என்று காலியிடங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு பயிற்சித் தாள் தயாரித்தேன். சம்பவம் முழுக்கக் கற்பனை. இடங்கள் மட்டும் நிஜம். அதில் இருந்த தகவல்கள் இவை. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் அருகே காலை 5.40-க்கு ஒரு மரம் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. தீயணைப்புத் துறையினர் மின்ரம்பத்தால் அறுத்து 8.10-க்கு அகற்றினார்கள், இதைச் சொன்னவர் தீயணைப்பு நிலைய அலுவலர். நடுவில் சில வாகனங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. "மூணு மணி நேரமா நிக்கிறேன்" என்றார் ஒரு பஸ் டிரைவர். "ராத்திரி நல்ல மழைங்க" என்றார் டீக்கடைக்காரர். மரம் ஏன் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

வந்த 11 லீடுகளில் 9 கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. ஒன்றைத் தருகிறேன்:

"குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் அருகே நேற்று முன்தினம் இரவு பெய்த கனமழை காரணமாக அதிகாலை 5.40 மணியளவில் சாலையோரம் இருந்த ராட்சத மரம் வேரோடு சாய்ந்து சாலையின் குறுக்கே விழுந்ததில் சுமார் மூன்று மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டதால் சுற்றுலாப் பயணிகள் மற்றும் பொதுமக்கள் கடும் அவதிக்குள்ளாகினர்."

படித்தால் பழகிய செய்தி போலத்தான் இருக்கிறது. டெஸ்க்கில் தினமும் இருபது இப்படி வரும். நானே கமா மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் பயிற்சித் தாளோடு வைத்துப் பாருங்கள். 'கனமழை' தாளில் இல்லை. 'காரணமாக' இல்லை. 'ராட்சத' இல்லை, 'வேரோடு' இல்லை. 'மூன்று மணி நேரம்' டிரைவர் சொன்னது. அலுவலர் கணக்கில் இரண்டரை மணி. சுற்றுலாப் பயணிகள் யாரும் தாளில் இல்லவே இல்லை. யாருக்கும் காயமில்லை, சாலை இப்போது சரியாகிவிட்டது என்று தாளில் இருந்த இரண்டு விஷயங்களோ லீடில் காணவில்லை.

முதலில் மாணவர்கள் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் எனக்கே உறைத்தது. கட்டம் போட்டுக் கொடுத்தது நான். கட்டம் காலியாக இருந்தால் மனசு கேட்காது, எதையாவது போட்டு நிரப்பும். அதிலும் 'ஏன்' என்ற கட்டம் காலியாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் விடை எழுதாமல் விட்ட மாதிரி. டீக்கடைக்காரரின் மழையை எடுத்து அதில் போட்டுவிட்டார்கள். மழை பெய்தது, மரம் விழுந்தது என்பவை இரண்டு தகவல்கள். நடுவில் ஒரு 'காரணமாக' சேர்ந்ததும், யாரும் சொல்லாத மூன்றாவது தகவல் ஒன்று வந்துவிட்டது.

'கனமழை'யும் சும்மா சொல்லக்கூடிய சொல் அல்ல. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால்தான் கனமழை. அதற்கு மேலே 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அளந்தவரைக் கேட்காமல் எழுத வேண்டுமென்றால் 'இரவு மழை பெய்தது' என்று எழுதலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வினை கடைசியில் இருக்கும் மொழி

கட்டங்களை எடுத்தால் பொய் குறையும். ஆனாலும் வாக்கியம் அப்படியே நீளும். அதற்குக் காரணம் வேறு.

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். மரம் விழுந்தது என்பதை முதல் நான்கைந்து சொற்களில் சொல்லிவிட்டு, எங்கே, எப்போது, எப்படி என்பதை வாலாகக் கட்டிக்கொண்டே போகலாம். படிப்பவர் பாதியில் நிறுத்தினாலும் விஷயம் கிடைத்துவிடும். தமிழில் முற்றுவினை கடைசியில் நிற்கிறது. ஆறு கேள்விக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லப் போனால் 'பெய்த', 'சாய்ந்து', 'விழுந்ததில்', 'பாதிக்கப்பட்டதால்' என்று முற்றாத வினைகளாக அடுக்க வேண்டியிருக்கிறது. எந்த நிகழ்வு முற்றுவினையாக வருகிறதோ அதுதான் செய்தி என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். மேலே தந்த லீடில் அது 'அவதிக்குள்ளாகினர்'. உண்மையில் நடந்த ஒரே விஷயமான மரம் விழுந்தது, நடுவில் ஒரு முற்றாத வினையாகப் புதைந்துவிட்டது. வாக்கியம் முழுக்கத் தலைகீழ் பிரமிடுக்கு நேர்மாறாக, தலை மேலும் அடி கீழுமாக நிற்கிறது.

சொல் கணக்கும் அப்படியே பெயராது. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் தனிச் சொற்கள். தமிழில் அவை ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் பிடிக்கும் 'திருப்பிவிடப்பட்டன' நமக்கு ஒரே சொல். ஆகவே 35 சொல் என்று தமிழில் அளவு வைத்தால் ஆங்கில லீடைவிட அரை மடங்கு அதிகமாகவே சுமை ஏற்றலாம் என்று அனுமதி கொடுத்த மாதிரி. எங்கள் வகுப்பில் முயன்று பார்த்ததில் 12 முதல் 16 சொல்லுக்குள் முதல் வாக்கியம் முடிந்தால் சத்தமாகப் படிக்கும்போது மூச்சு வாங்கவில்லை. இது எங்கள் காதை வைத்துச் சொன்ன கணக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது தாளின் முதல் கேள்வி இங்கிருந்துதான் வந்தது. 'லீடின் கடைசிச் சொல் என்ன? அதை முதலில் எழுது.' தாளின் வலது ஓரத்தில் ஒரு சிறு கோடு, அதில் முற்றுவினை மட்டும். அதை எழுதிய பிறகு, அந்த வினைக்கு உரியவர் அல்லது உரியது. அப்புறம் இடம் அல்லது நேரம், இரண்டில் எது இல்லாவிட்டால் செய்தி புரியாதோ அது. அவ்வளவோடு முதல் வாக்கியம் முடிகிறது. மீதி இரண்டாவது வாக்கியத்துக்கு.

அதே பயிற்சித் தாள், இரண்டாம் முறை. கேத்தி மாணவி வலது ஓரத்தில் முதலில் 'பாதிக்கப்பட்டது' என்று எழுதினாள். என்ன பாதித்தது, கண்ணால் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். யோசித்து அடித்துவிட்டு 'நின்றன' என்று எழுதினாள். எவை நின்றன? வாகனங்கள். எவ்வளவு நேரம், எங்கே, எதனால்? இப்படி வந்தது:

"குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் அருகே மரம் விழுந்து, நேற்று காலை இரண்டரை மணி நேரம் வாகனங்கள் நின்றன. 8.10 மணிக்கு மரம் அகற்றப்பட்டது, யாருக்கும் காயமில்லை."

முதல் வாக்கியம் 13 சொல். 'பாதிக்கப்பட்டது' போய் 'நின்றன' வந்ததும் 'கடும் அவதி'க்கு இடமே இல்லாமல் போனதைக் கவனித்தேன். மங்கலான வினை ஒன்று இருந்தால்தான் அதை முட்டுக்கொடுக்க 'கடும்', 'பெரும்' எல்லாம் தேவைப்படுகின்றன போலிருக்கிறது.

'ஏன்' என்ற கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடவில்லை. லீடிலிருந்து மட்டும் எடுத்து, கீழே தனி வரியாக வைத்தேன். பக்கத்தில் 'யார் சொன்னது' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் பெயரோ பதவியோ இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். 'தெரியவில்லை' என்பது இந்தத் தாளில் சரியான விடை என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது' என்று வாக்கியம் முடிந்தாலும் இதே சோதனைதான். ஆள் இல்லாமல் செய்தி சொல்லத் தமிழில் இந்த மூன்று வினைகளும் ரொம்ப வசதி. டெஸ்க்கில் இருந்தபோது இவற்றில் ஒன்றைப் பார்த்தால் நிருபருக்குப் போன் போடுவேன். பாதி நேரம், "பக்கத்துல நின்னவங்க பேசிக்கிட்டாங்க மேடம்" என்றுதான் பதில் வரும்.

மீதிப் பத்திகள்

பத்திகளின் வரிசைக்கு நான் நிறைய கேள்விகள் வைக்கவில்லை. உள்ள சோதனை ஒன்றுதான், அதுவும் டெஸ்க்கிலிருந்து வந்தது. பக்கத்தில் இடம் இல்லையென்றால் கீழிருந்து வெட்டுவோம். ஆகவே எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மூடிப் படிக்க வேண்டும். பிறகு அதற்கு முந்தையதையும் மூட வேண்டும். எந்த இடத்தில் மூடியதும் செய்தி தப்பாகிறதோ, அல்லது ஒருவருக்கு அநியாயமாகிறதோ, அந்தப் பத்தி மேலே போக வேண்டும். மரச் செய்தியில் இதை ஒருவன் செய்தபோது, 'யாருக்கும் காயமில்லை' நாலாவது பத்தியில் இருந்தது தெரிந்தது. அதை மூடிப் படித்தால், ஊரில் அம்மா அப்பா இருக்கிற எவனும் போனை எடுத்துவிடுவான்.

டிரைவரின் மூன்று மணி நேரமும் அலுவலரின் இரண்டரை மணி நேரமும் முட்டிக்கொண்டதை இந்த வரிசைதான் தீர்த்தது. லீடில் நேரக்கணக்கு உள்ளது. மூன்றாவது பத்தியில், 'மூணு மணி நேரமா நிக்கிறேன்' என்று டிரைவர் சொன்னது அவர் வாயாலேயே வருகிறது. இரண்டும் பொய் இல்லை. மரம் அகற்றிய பிறகும் வரிசை நகர அரை மணி ஆகியிருக்கலாம். அந்த 'ஆகியிருக்கலாம்' என் ஊகம் என்பதால் காப்பியில் சேர்க்க விடவில்லை.

படிவம் உண்மையில் தடுமாறியது கூட்டச் செய்தியில்தான். கோத்தகிரி பக்கத்து மாணவன் ஒருவன், அக்டோபர் 2 அன்று தன் ஊர் கிராம சபைக்குப் போய்விட்டு வந்து எழுதியிருந்தான். "காந்தி ஜெயந்தியை முன்னிட்டு கிராம சபைக் கூட்டம் தலைவர் தலைமையில், துணைத் தலைவர் முன்னிலையில் நடைபெற்றது." தாளின்படி வலது ஓரத்தில் வினையும் எழுதியிருந்தான்: நடைபெற்றது. கண்ணால் பார்த்ததுதான், பொய்யும் இல்லை. தாளின் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டது. ஆனால் அக்டோபர் 2 அன்று கிராம சபை நடப்பதில் என்ன செய்தி? நடக்காவிட்டால்தான் செய்தி.

"கூட்டத்துக்கு முன்னாடி இல்லாதது எது, கூட்டம் முடிஞ்சப்புறம் இருக்கிறது எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு, "தேயிலைத் தோட்டத்து நடைபாதையில சாயங்காலம் காட்டெருமை நிக்குதுக்கா, அங்கே லைட்டு போடணும்னு தீர்மானம் போட்டாங்க. அது நான் ஆறாவது பத்தியில வெச்சிருக்கேன்" என்றான். அது மேலே வந்தது. தலைமை, முன்னிலை எல்லாம் கீழே போயின. பிறகு மூடிப் பார்த்தபோது அவை இல்லாமலும் செய்தி நின்றது. அந்த முன்–பின் கேள்வி அன்றே தாளில் ஏறிவிட்டது. கூடவே ஒரு வரி: வலது ஓரத்தில் 'நடைபெற்றது', 'கொண்டாடப்பட்டது', 'வலியுறுத்தப்பட்டது' என்று இருந்தால் மறுபடி யோசி.

தலைப்பு கடைசியில்

முதல் தாளில் தலைப்பு மேலே இருந்தது. பத்திரிகையில் மேலேதானே இருக்கிறது. மாணவர்கள் அதை முதலில் எழுதிவிட்டு, பிறகு தலைப்புக்கு ஏற்றபடி காப்பியை வளைத்தார்கள். இரண்டாவது தாளில் தலைப்புக்கான கேள்விகள் தாளின் அடியில் இருக்கின்றன. தலைப்பில் உள்ள ஒவ்வொரு விஷயமும் முதல் இரண்டு பத்திகளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடித்துவிடு என்பது முதல் கேள்வி. இதைச் சார் பேச்சில் சொல்லியிருந்தார்.

அவர் சொல்லாத ஒன்றை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். தமிழ்த் தலைப்புகள் வினையை விட்டுவிட்டுத் தொழிற்பெயரில் முடிகின்றன: பாதிப்பு, நிறுத்தம், மீட்பு, கோரிக்கை. இடம் மிச்சமாகிறது. ஆனால் தொழிற்பெயருக்குக் காலம் கிடையாது. 'பர்லியாரில் மரம் விழுந்து போக்குவரத்து பாதிப்பு' என்றால், பாதிப்பு முடிந்துவிட்டதா, இப்போதும் இருக்கிறதா? காலையில் பேப்பரில் படித்தால் நேற்றைய விஷயம் என்று புரிந்துவிடும். அதுவே போனில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி மறுநாள் கைக்கு வந்தால்? மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், இதைப் பார்த்துவிட்டுக் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகலாம். சமவெளியில் ஒரு சாலை அடைபட்டால் பக்கத்துத் தெரு உண்டு, மலையில் அப்படியா?

ஆகவே, 'நாளை இதைப் படிப்பவருக்கு, முடிந்ததா, நடக்கிறதா என்று தெரியுமா?' என்று ஒரு கேள்வி. வகுப்பில் ஒருவன் உடனே திருத்தி எழுதினான்: 'மரம் அகற்றம், குன்னூர் சாலை திறப்பு.' எல்லோரும் சிரித்துவிட்டோம். சாலை திறப்பு என்றால் அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டியிருக்க வேண்டும். கடைசியில் 'பர்லியாரில் விழுந்த மரம் அகற்றம்: வாகனங்கள் மீண்டும் செல்கின்றன' என்று வைத்தோம். ஒரு வினைக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. டெஸ்க்கில் அகலம் பார்த்து வெட்டிய காலத்தில் நானே இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது தாளில் இருப்பது இதுதான். மேலிருந்து கீழாக இந்த வரிசையிலேயே நிரப்ப வேண்டும்.

லீடின் கடைசிச் சொல் (முற்றுவினை): ______ . கண்ணால் பார்த்ததா, அல்லது 'பாதிக்கப்பட்டது' வகையா?
அந்த வினைக்கு உரியவர் / உரியது: ______
இடமா, நேரமா? ஒன்று இல்லாவிட்டால் புரியாது என்றால் அதை மட்டும்: ______
முதல் வாக்கியம், 16 சொல்லுக்குள்: ______
படிப்பவர் அடுத்து என்ன கேட்பார்? அதுவே இரண்டாம் வாக்கியம்: ______
இதற்கு முன்பு இல்லாதது, இப்போது இருப்பது: ______
ஏன்: ______ யார் சொன்னது: ______ ('தெரியவில்லை' சரியான விடை)
ஒவ்வொரு எண்ணுக்கும் ஆளும் நேரமும்: ______
ராட்சத, கடும், பெரும், கனமழை: அளந்தவர் யார்? இல்லையென்றால் அடி.
கீழிருந்து மூடிப் படி. எங்கே தப்பாகிறது?
தலைப்பு: ______ நாளை படித்தாலும் சரியா?

எங்கே இது உதவாது

தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இவ்வளவு நேரம் பேசினதுல பாதி, இடத்துக்குப் போ, நேர்ல பாரு, நாலு பேரைக் கேளுங்கிறதுதானே. அது எங்கேம்மா இதுல?" என்று கேட்டார். இல்லைதான். இந்தத் தாள் தகவல் கையில் வந்த பிறகு எழுத உதவும். தகவல் இல்லாதவருக்குத் தகவல் இல்லை என்று காட்டிக்கொடுக்கும், அதோடு சரி.

பசுந்தேயிலை விலைச் செய்தியிலும் தாள் பாதி வேலைதான் செய்கிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையை வைத்து மாணவர்கள் எழுதினால் வினை 'நிர்ணயிக்கப்பட்டது' என்று வருகிறது. சரியான வாக்கியம், ஆனால் சிறு விவசாயிக்கு அதில் ஒன்றும் இல்லை. போன மாதம் எவ்வளவு, இலை பறிக்கும் கூலிக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தான் அந்த எண் பேசும். முன்–பின் கேள்வி கொஞ்சம் உதவுகிறது. கூலிக் கணக்கைக் கேட்க, தாள் அல்ல, தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாமா வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

யானை தாக்கி ஒருவர் இறந்தார் என்பது போன்ற செய்திகளுக்கு இந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வினையை முதலில் எழுது என்றால் 'உயிரிழந்தார்' என்று வந்துவிடும். குடும்பத்துக்குத் தெரியுமா, உறுதி செய்தது யார் என்ற கேள்விகள் அதற்கும் முன்னால் வர வேண்டும். அதற்குத் தனித் தாள் வேண்டும். இன்னும் செய்யவில்லை.

போன சனிக்கிழமை கூடலூர் பையன் ஒரு காப்பி கொண்டுவந்தான். அவன் ஊரில் இரண்டு நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. வலது ஓரத்தில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தான். 'ஏன்' வரியில் 'தெரியவில்லை' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'மதியம் 3-க்கு மேல் ஆபீஸில் ஆள் இருப்பாராம்' என்று குறித்திருந்தான். மணி அப்போது பன்னிரண்டரை. காப்பியை மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.